அஞ்சாவது நைட், விடியக்காலை 4:20 – ரோஸ்டர மாத்தணும், எப்படின்னு சொல்லுங்க

குமரன்_பிரஸ்ஷாப்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில பிரஸ் ஷாப் ஷிப்ட் இன்சார்ஜ், சேஃப்டி கமிட்டிலயும் இருக்கேன். கம்பெனி பேரு வேணாம். போன மாசம் எங்க ஷாப்ல ஒரு பையனுக்கு மோதிர விரல் நுனி போயிடுச்சு. விசாரணைல "ஆபரேட்டர் கவனக்குறைவு"ன்னு எழுதி ஃபைல மூடிட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல, அதான் இங்க எழுதுறேன்.

நடந்தத அப்படியே சொல்றேன். அது அவனுக்கு அந்த வாரத்துல அஞ்சாவது நைட், வெள்ளிக்கிழமை. காலைல 6 மணிக்கு வேலை முடிச்சு, பஸ் புடிச்சு ரூமுக்கு போக ஏழே கால், சாப்ட்டு படுக்க எட்டரை. 12 மணிக்கு சூப்பர்வைசர் போன் பண்ணி செகண்ட் ஷிப்ட்ல ரெண்டு பேர் வரல, நீ டபுள் பாருன்னு சொல்லிருக்காரு. மூணரை மணி நேரம் தூங்குன ஆளு 2 மணிக்கு உள்ள வந்து, 10 மணிக்கு அப்படியே அவனோட நைட்ட தொடர்ந்திருக்கான். அடிபட்டது 4:20க்கு. அதாவது உள்ள வந்து 14 மணி நேரம் தாண்டிடுச்சு, முழிச்சு 16 மணி நேரத்துக்கு மேல. பீஸ் டைல சிக்கிடுச்சு, எடுக்கறதுக்கு, ரெண்டு கையாலயும் அழுத்துனாதான் பிரஸ் இறங்குற டூ ஹேண்ட் பட்டன்ல ஒன்ன கட்டி வச்சிருந்தான். பட்டன கட்டுனது தப்புதான், நான் மறுக்கல. ஆனா அதே பையன் பகல்ல அத செஞ்சு நான் ஒரு நாளும் பாத்ததில்ல.

எங்க ரோஸ்டர்: 3 குரூப், குரூப்புக்கு 18 பேர், 6–2, 2–10, 10–6. திங்கள்லேந்து சனி வரைக்கும் ஒரே ஷிப்ட், ஞாயிறு லீவு. நைட் வாரம் முடிஞ்சா செகண்ட், செகண்ட் முடிஞ்சா ஃபர்ஸ்ட், ஃபர்ஸ்ட் முடிஞ்சா மறுபடி நைட். இத எப்படி மாத்துனா ஆளுங்க தெளிவா இருப்பாங்க? டீ குடுங்க, மூஞ்ச கழுவ சொல்லுங்கங்கறது வேணாம், அதெல்லாம் குடுத்துட்டுதான் இருக்கோம்.

ரவி78

ப்ரோ நான் 14 வருஷமா நைட் மட்டும்தான், பிபிஓல. முதல் ஆறு மாசம் கஷ்டமா இருந்துச்சு, அப்புறம் உடம்பு பழகிடும். உங்க ஆளுங்கள வாராவாரம் மாத்தறதுதான் பிரச்சினையே, ஒரு குரூப்ப நிரந்தரமா நைட்ல போடுங்க. அப்புறம் நைட்ல சாப்பாடு லைட்டா இருக்கணும், பரோட்டா சாப்ட்டா தூக்கம் தள்ளும். கனமான ஸ்கிரீன் போட்டு ரூம இருட்டாக்கிட்டு படுத்தா 7 மணி நேரம் ஈஸியா தூங்கலாம்.

குமரன்_பிரஸ்ஷாப்

ரவி, உங்களுக்கு ஏசி ரூம் இருக்கு. எங்க பசங்க ஒரு ரூம்ல ஆறு பேர், மூணு ஷிப்ட் ஆளுங்களும் அதே ரூம்லதான். ஒருத்தன் தூங்கும்போது ஒருத்தன் சமைக்கிறான். ரூம இருட்டாக்குறது ரொம்ப நல்ல விஷயம்தான், ஆனா நான் கேக்கறது ரோஸ்டர் பத்தி.

தமிழ்ச்செல்வி_சிஸ்டர்

குமரன் அண்ணா, நான் ஐசியூ நர்ஸ். எங்களுக்கு நைட் 8லேந்து காலைல 8 வரைக்கும், 12 மணி நேரம். உங்க பையன் கதைய படிச்சதும் எனக்கு என்னோட ஒரு நைட் ஞாபகம் வந்துடுச்சு, அத சொல்லிடறேன்.

மூணாவது நைட், விடியக்காலை 5 மணி இருக்கும். ஒரு சுகர் பேஷண்டுக்கு இன்சுலின் சிரிஞ்ச் பம்ப்ல ஓடிட்டிருக்கு, 50 யூனிட் 50 மில்லில. மணிக்கு 2.5னு மாத்தணும். நான் மாத்திட்டு சார்ட்லயும் 2.5னு எழுதிட்டேன். பக்கத்து பெட் சிஸ்டர் எதேச்சையா திரும்பி பாத்துட்டு "அக்கா, பம்ப்ல 25 காட்டுதே"ன்னாங்க. புள்ளிய நான் அழுத்தவே இல்ல. ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம்கூட ஆகல, அதனால பேஷண்டுக்கு ஒன்னும் ஆகல. இதுல என்னைய இன்னிக்கு வரைக்கும் உறுத்தறது என்னன்னா, அப்ப எனக்கு தூக்கமே வரல அண்ணா. கொட்டாவி இல்ல, கண்ணு எரியல. நல்லா தெளிவா இருக்கோம்னுதான் நெனச்சேன். யாராவது "சிஸ்டர் டயர்டா இருக்கீங்களா"ன்னு கேட்டிருந்தா இல்லன்னு சத்தியம் பண்ணிருப்பேன்.

அதுக்கப்புறம் எங்க யூனிட்ல நைட்ல இன்சுலின், பொட்டாசியம், ஹெப்பரின் மூணுக்கும் ரெண்டு பேர் பம்ப் ஸ்கிரீன வாய் விட்டு படிச்சாதான் ஸ்டார்ட். சார்ட்ட பாத்து இல்ல, ஸ்கிரீன பாத்து.

கார்த்தி_ஹெச்ஆர்

நான் ஹெச்ஆர்ல இருக்கேன். இதுக்கு சிம்பிளான வழி 12 மணி நேர ஷிப்ட். வாரத்துக்கு நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு. நைட்டோட எண்ணிக்கை குறையும், பஸ் செலவு குறையும், ஹேண்ட்ஓவர் மூணுக்கு பதிலா ரெண்டு. வெளிநாட்ல பெரிய பெரிய பிளான்ட் எல்லாம் இதுலதான் ஓடுது. தமிழ்நாட்ல 2023ல இதுக்கு சட்டமே கொண்டு வந்தாங்க, எதிர்ப்பு வந்ததும் மே தினத்தன்னிக்கு வாபஸ்னு அறிவிச்சிட்டாங்க. அது நல்ல வாய்ப்பு, போயிடுச்சு.

இன்னொன்னு, ரோட்டேஷன் எப்பவுமே முன்னாடி போகணும். ஃபர்ஸ்ட், செகண்ட், நைட்னு. உங்களோடது பின்னாடி போகுது. உடம்புக்கு நேரத்த தள்ளிப்போட்டு தூங்குறது ஈஸி, முன்கூட்டியே தூங்குறது கஷ்டம். அத மட்டும் திருப்பினாலே போதும், ஒரு ரூபா செலவில்ல.

முத்துவேல்_தொடர்ஆலை

தம்பி குமரன், நான் 31 வருஷம் ஃபர்னஸ் ஓடுற பிளான்ட்ல இருந்து ரிடையர் ஆனவன், அதுல 9 வருஷம் ரோஸ்டர் போட்டதே நான்தான். உங்க விஷயத்துல மூணு சமாச்சாரம் ஒன்னோட ஒன்னு பின்னிக்கிட்டு இருக்கு, பிரிச்சு பாக்கணும். அஞ்சாவது நைட்ங்கறது ஒன்னு, 14 மணி நேரம் உள்ள இருந்தது ஒன்னு, மணி நாலுங்கறது ஒன்னு. மூணும் ஒரே ஆளு மேல விழுந்திருக்கு.

அடுத்தடுத்த நைட் பத்தி ஃபோல்கார்ட், டக்கர்னு ரெண்டு பேர் நெறைய ஆய்வ சேர்த்து 2003ல ஒரு கணக்கு போட்டாங்க. முதல் நைட்ட ஒன்னுன்னு வச்சா, ரெண்டாவது நைட்ல விபத்து ரிஸ்க் 6% கூட, மூணாவதுல 17%, நாலாவதுல 36%. மூணுலேந்து நாலுக்கு போகும்போது எப்படி எகிறுது பாருங்க. ரவி தம்பி சொல்ற மாதிரி உடம்பு பழகுதுன்னா இது குறைஞ்சுல்ல வரணும்? பழகறதில்ல, ஏன்னா காலைல பஸ்ல வரும்போது மூஞ்சில வெயில் அடிக்குது, ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட பகல் ஆளா மாறிடறோம், உடம்புக்குள்ள இருக்கற கடிகாரம் திரும்பி பழைய இடத்துக்கே போயிடுது. நிரந்தர நைட்லயும் முழுசா மாறுறவங்க ரொம்ப கொஞ்சம் பேருதான். பகல் தூக்கம் சாதாரணமா ராத்திரி தூக்கத்த விட ரெண்டு மூணு மணி நேரம் கம்மி, அந்த கடன் நாளுக்கு நாள் ஏறிட்டே போகும்.

அப்புறம் முழிச்சிருக்குற நேரம். 1997ல ஆஸ்திரேலியால டாசன், ரீட்னு ரெண்டு பேர் ஒரே ஆளுங்கள ஒரு நாள் முழிக்க வச்சும் இன்னொரு நாள் குடிக்க வச்சும் கையும் கண்ணும் சேர்ந்து செய்யற ஒரு வேலைய குடுத்து பாத்தாங்க. 17 மணி நேரம் முழிச்சிருந்தவன் ரத்தத்துல 0.05% ஆல்கஹால் இருக்கறவன் மாதிரி செஞ்சிருக்கான். நம்ம ஊர் டிரங்க் அண்ட் டிரைவ் அளவு 100 மில்லிக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03%. உங்க பையன் கிட்டத்தட்ட அந்த 17 மணி கோட்டுகிட்டதான் இருந்தான், அதுவும் அதுக்கு முன்னாடி மூணரை மணி நேர தூக்கத்தோட. குடிச்சிட்டு வந்திருந்தா கேட்லயே திருப்பி அனுப்பிருப்பீங்க. இவன போன் போட்டு கூப்பிட்டிருக்கீங்க.

குமரன்_பிரஸ்ஷாப்

ஐயா, கடைசி வரி நெஞ்சுல குத்துது. அந்த போன் நான் பண்ணல, ஆனா நான் பண்ணிருப்பேன், அதுதான் உண்மை. ஆள் இல்லன்னா அதுதான் எங்க வழக்கம்.

கார்த்தி சொல்ற மாதிரி திசைய திருப்பினா போதுமா? இத மேனேஜ்மென்ட் ஈஸியா ஒத்துக்கும்.

முத்துவேல்_தொடர்ஆலை

கார்த்தி சொன்னது புஸ்தகத்துல சரி. உங்க ரோஸ்டர்ல கணக்கு போட்டு பாத்துட்டு சொல்லுங்க. சரி, நானே போடறேன்.

இப்ப இருக்கறது: நைட் முடியறது ஞாயிறு காலை 6, செகண்ட் ஆரம்பிக்கறது திங்கள் 2 மணி, நடுவுல 32 மணி நேரம். செகண்ட் முடியறது சனி ராத்திரி 10, ஃபர்ஸ்ட் திங்கள் காலை 6, அதுவும் 32. ஃபர்ஸ்ட் முடியறது சனி 2 மணி, நைட் திங்கள் ராத்திரி 10, 56 மணி நேரம்.

திருப்பி போட்டா ஃபர்ஸ்ட்லேந்து செகண்ட் 48, செகண்ட்லேந்து நைட் 48, ஆனா நைட்லேந்து ஃபர்ஸ்ட்? ஞாயிறு காலை 6 மணிக்கு ஆறு நைட் முடிச்சு வெளில வர்றவன் திங்கள் காலை 6 மணிக்கு பிரஸ் முன்னாடி நிக்கணும். 24 மணி நேரம்தான். ஞாயிறு பகல்ல தூங்கிட்டா ராத்திரி தூக்கம் வராது, தூங்கலன்னா நாள் பூரா செத்த மாதிரி இருப்பான், எப்படி பாத்தாலும் திங்கள் காலைல 4 மணிக்கு அலாரம் அடிக்கும். ரெண்டு விதத்துலயும் மொத்தம் அதே 120 மணி நேரம்தான், மாத்தி மாத்தி பங்கு போடறோம். முன்னாடி சுத்தறது நல்லதுங்கறது நைட்டுக்கு அப்புறம் முழுசா ரெண்டு நாள் லீவு இருக்கற ரோஸ்டருக்கு. உங்களுக்கு இருக்கறது ஒரே ஞாயிறு, அதுலயும் பாதி தூக்கத்துல போயிடுது.

12 மணி நேரம் பத்தி: நைட்டோட எண்ணிக்கை குறையும்ங்கறது உண்மை. ஆனா அதே ஃபோல்கார்ட் கணக்குல 8 மணி நேர ஷிப்ட்ட விட 12 மணி நேர ஷிப்ட்ல ரிஸ்க் 27% கூட. கன்ட்ரோல் ரூம்ல உக்காந்து ஸ்கிரீன் பாக்கறவனுக்கு ஒரு மாதிரி, நிமிஷத்துக்கு பத்து தடவ கைய டைக்குள்ள விட்டு எடுக்கறவனுக்கு வேற மாதிரி. பிரஸ் ஷாப்புக்கு நான் சம்மதிக்க மாட்டேன். அதுல ஆள் வரலன்னு ஒரு நாலு மணி நேரம் நீட்டுனா 16 ஆயிடும்.

கார்த்தி_ஹெச்ஆர்

24 மணி நேர விஷயத்த நான் யோசிக்கல, ஒத்துக்கறேன் சார். அப்ப வாரத்துக்கு நடுவுலயே மாத்தலாமே? ரெண்டு நாள் ஃபர்ஸ்ட், ரெண்டு நாள் செகண்ட், ரெண்டு நாள் நைட், ஞாயிறு லீவு. நைட் ரெண்டோட முடிஞ்சிடும்.

முத்துவேல்_தொடர்ஆலை

மூணு குரூப்ப வச்சு முடியாது தம்பி, காகிதத்துல எழுதி பாருங்க. ஒரு குரூப் திங்கள் செவ்வாய் ஃபர்ஸ்ட்னா இன்னொன்னு திங்கள் செவ்வாய் செகண்ட்ல இருக்கும், அது புதன் வியாழன் நைட்டுக்கு வரும், வெள்ளி ஃபர்ஸ்ட்டுக்கு போகணும். வியாழன் நைட் முடியறது வெள்ளி காலை 6. ஃபர்ஸ்ட் ஆரம்பிக்கறது வெள்ளி காலை 6. பஞ்ச் அவுட் பண்ணி அங்கயே பஞ்ச் இன் பண்ணணும்.

நாலாவது குரூப் இருந்தா இது அழகா ஓடும். எங்க பிளான்ட்ல ஓடுனது அதுதான்: ரெண்டு ஃபர்ஸ்ட், ரெண்டு செகண்ட், ரெண்டு நைட், ரெண்டு லீவு, எட்டு நாள் சுத்து. நைட் ரெண்டுக்கு மேல போகாது, நைட் முடிஞ்சு 48 மணி நேரம் கழிச்சுதான் ஃபர்ஸ்ட். சராசரி வாரத்துக்கு 42 மணி நேரம். ஆனா மொத தடவ போட்டப்ப ஆளுங்க என்னைய திட்டுனாங்க. ஏன்னா லீவு நகர்ந்துட்டே போகும், எட்டு வாரத்துல ரெண்டு ஞாயிறுதான் வீட்ல. கோயில் திருவிழா, கல்யாணம், பசங்க ஸ்கூல்னு எதுவும் ஒத்து வராது. ரெண்டு வருஷம் கழிச்சு மாத்தவா வேணாமான்னு ஓட்டு வச்சோம், வயசானவங்க எல்லாம் இதுவே இருக்கட்டும்னாங்க, கல்யாணமான இளவட்டங்க பாதிக்கு மேல பழசே வேணும்னாங்க. அவங்க சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு.

செல்வம்_ஆபரேட்டர்

எல்லாரும் நல்லா பேசறீங்க. நான் கான்ட்ராக்ட் ஆபரேட்டர், இந்த மாதிரி ஒரு பிரஸ் ஷாப்லதான் வேலை. ஒரு விஷயம் சொல்லவா, டபுள் டூட்டிக்கு எங்கள யாரும் கழுத்த புடிச்சு தள்றதில்ல, நாங்களே கேட்டு வாங்கறோம். அடிப்படை சம்பளத்துல ரூம் வாடகை, ஊருக்கு அனுப்பறது, தங்கச்சி ஃபீஸ் எல்லாம் முடியாது. மாசத்துக்கு எட்டு டபுள் பாத்தாதான் கைல ஏதாவது நிக்கும். நீங்க 42 மணி நேரம்னு போட்டா எனக்கு சோறு குறையுது. நான் போயி வேற இடத்துல பகல்ல பார்ட் டைம் பாப்பேன், இல்லன்னா டெலிவரி வண்டி ஓட்டுவேன். தூக்கம் அப்பவும் போகத்தான் போகுது, அது உங்க ரிஜிஸ்டர்ல வராது, அவ்ளோதான்.

அந்த பையன் பட்டன கட்டுனதும் எதுக்குன்னு எனக்கு தெரியும். நாலு மணிக்கு கவுன்ட் கம்மியா இருந்தா இன்சார்ஜ் வந்து நிப்பாரு.

குமரன்_பிரஸ்ஷாப்

செல்வம், நீங்க சொன்னது ரெண்டும் உண்மை. கவுன்ட் கேட்டு போயி நின்ன ஆள்ல நானும் ஒருத்தன். காசு விஷயத்துக்கு என்கிட்ட பதில் இல்ல.

முத்துவேல் ஐயா, நாலாவது குரூப்னா 18 பேர் கூட எடுக்கணும், மூணுல ஒரு பங்கு ஆள் ஏறுது, ஞாயிறும் ஓட்டுனா ஷிப்ட் 18லேந்து 21தான் ஆகுது. எங்க ஆர்டருக்கு அது தேவையில்லன்னு ஒரே நிமிஷத்துல முடிச்சிடுவாங்க. ஆள் ஏத்தாம ஏதாவது வழி இருக்கா?

முத்துவேல்_தொடர்ஆலை

இருக்கு, முழு வைத்தியம் இல்ல. ஆறு நைட்ட நடுவுல உடைங்க. உங்ககிட்ட எத்தன பிரஸ்?

குமரன்_பிரஸ்ஷாப்

ஒன்பது. ஒவ்வொன்னுக்கும் ரெண்டு பேர்.

முத்துவேல்_தொடர்ஆலை

அப்ப புதன் நைட் நாலு பிரஸ், வியாழன் நைட் அஞ்சு பிரஸ் நிக்கட்டும். அந்த பிரஸ் ஆளுங்களுக்கு அன்னிக்கு நைட் லீவு. புதன் லீவு எடுத்தவன் ரெண்டு நைட் பாத்துட்டு ஒரு ராத்திரி வீட்ல தூங்கி அப்புறம் மூணு நைட், வியாழன்காரன் மூணு பாத்துட்டு ரெண்டு. நாலாவது அஞ்சாவது நைட்ங்கறதே யாருக்கும் கிடையாது. வாரத்துக்கு 18 ஷிப்ட்ல ஒவ்வொரு பிரஸ்ஸும் ஒரு ஷிப்ட் நிக்குது, அஞ்சரை சதவீதம். டை சர்வீஸ் எப்படியும் வாரத்துக்கு சில மணி நேரம் பிரஸ்ஸ நிறுத்தித்தானே பண்றீங்க? பகல்ல நிறுத்தறத அந்த நைட்டுக்கு நகர்த்துனா பாதி நஷ்டம் திரும்பி வந்துடும், ஆனா மெயின்டனன்ஸ் ஆளுங்களையும் வாரம் பூரா நைட்ல போட்டுடாதீங்க, அது அதே தப்புதான். நிக்கற நைட்டுக்கு கூலி குடுத்தே ஆகணும், இல்லன்னா செல்வம் சொன்னதுதான் நடக்கும்.

அதுக்கு முன்னாடி, டபுள் டூட்டிய நைட்டோட ஒட்டி போடக்கூடாதுன்னு ஒரு கோடு கிழிங்க. ஐரோப்பால ரெண்டு வேலை நாளுக்கு நடுவுல 11 மணி நேரம் கட்டாய ஓய்வு. நீங்களும் 11னு வைங்க. ஆள் வரலன்னா பிரஸ் நிக்கட்டும்.

தமிழ்ச்செல்வி_சிஸ்டர்

ஐயா, நைட்ல நடுவுல கொஞ்சம் தூங்க விடறது பத்தி? எங்க மேட்ரன் ஒத்துக்கவே மாட்டேங்கறாங்க, டூட்டில தூங்குனான்னு மெமோ வரும்.

முத்துவேல்_தொடர்ஆலை

20 நிமிஷம் நல்லா வேலை செய்யும்மா, 2லேந்து 3க்குள்ள. ஆனா அதுக்கு மேல விடக்கூடாது, எழுந்ததும் உடனே பிரஸ்லயோ பம்ப்லயோ கைய வைக்கவும் கூடாது. 2010 மே மாசம் மங்களூர்ல ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதைய தாண்டி பள்ளத்துல விழுந்து 158 பேர் செத்தாங்க இல்லையா, கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல தூங்கிருந்தாருன்னு விசாரணைல வந்துச்சு. குறட்டை சத்தம் ரெக்கார்டர்லயே இருக்கு. ஆழ்ந்த தூக்கத்துலேந்து எழுந்தவனுக்கு மூளை தெளிய நேரமாகும், தப்பான முடிவுல பிடிவாதமா நிப்பான். அதனால குட்டித் தூக்கம், எழுந்து கால் மணி நேரம் நடை, ஒரு டீ, அப்புறம்தான் வேலை. உக்காந்த இடத்துல தெரியாம கண் அசர்றதுக்கு மெமோ குடுக்கறாங்க, சொல்லிட்டு தூங்கறத தடுக்கறாங்க. ரெண்டாவதுதான் பாதுகாப்பு.

குமரன், இன்னொன்னு. "கவனக்குறைவு"ன்னு மூடுன ஃபைல பத்தி. 1988 டிசம்பர்ல லண்டன்ல கிளாப்ஹாம் ஜங்ஷன்ல ரயில் மோதி 35 பேர் செத்தாங்க. சிக்னல்ல பழைய ஒயர ஒருத்தர் வெட்டாம, கட்டாம அப்படியே விட்டுட்டாரு, அது போயி டெர்மினல தொட்டு சிவப்பு விழவேண்டிய இடத்துல சிவப்பு விழல. கவனக்குறைவுதான். ஆனா விசாரணை அதோட நிக்கல, அவரோட ஹாஜர் பட்டியல எடுத்து பாத்துச்சு, 13 வாரத்துல ஒரே ஒரு நாள்தான் லீவு. அதுக்கப்புறம்தான் அங்க ரயில்வே வேலைக்கு மணி நேர வரம்பு வந்துச்சு. நீங்களும் அந்த பையனோட முந்தின ரெண்டு வார பஞ்ச் ரெக்கார்ட எடுத்து ஃபைல்ல சொருகுங்க.

கார்த்தி_ஹெச்ஆர்

மேனேஜ்மென்ட்கிட்ட போகும்போது உங்க ஷாப் டேட்டாவோட போங்க குமரன். வெளிநாட்டு ஆய்வு சொன்னா நம்ம ஆளுங்க கேக்க மாட்டாங்க. முதலுதவி ரிஜிஸ்டர், ரிஜெக்‌ஷன் ரெண்டையும் ஷிப்ட் வாரியா பிரிங்க.

முத்துவேல்_தொடர்ஆலை

சரியா சொன்னீங்க, ஆனா எண்ணிக்கைய அப்படியே போடாதீங்க. நைட்ல ஆள் கம்மியா இருந்தா விபத்தும் கம்மியாதான் தெரியும், ஆள்மணிக்கு வகுக்கணும். மணி வாரியாவும் பிரிங்க. இன்னொரு சிக்கல், உங்க ரோஸ்டர்ல அஞ்சாவது நைட் எப்பவும் வெள்ளிதான். வெள்ளிக்கிழமை டிஸ்பேட்ச் அவசரம் இருக்குமே, அதனால ஏறுதா சோர்வால ஏறுதான்னு பிரிச்சு சொல்ல முடியாது. அத யாராவது கேப்பாங்க, தயாரா போங்க. வெள்ளி ஃபர்ஸ்ட் ஷிப்ட்லயும் அதே மாதிரி ஏறியிருக்கான்னு பாத்தா ஓரளவு தெரியும்.

குமரன்_பிரஸ்ஷாப்

மூணு வாரம் கழிச்சு வரேன். 14 மாச முதலுதவி ரிஜிஸ்டர உக்காந்து பிரிச்சேன். மொத்தமே 61 பதிவுதான், அதுல நைட் 27. அந்த 27ல 16 விடியக்காலை 3லேந்து 5க்குள்ள. எண்ணிக்கை சின்னது, இத வச்சு பெருசா பேச முடியாதுன்னு எனக்கே தெரியும். வெள்ளி நைட் கூட இருக்கு, வெள்ளி ஃபர்ஸ்ட் ஷிப்ட் மத்த நாள் மாதிரியேதான் இருக்கு. ரிஜெக்‌ஷன்ல ஒன்னும் தெளிவா வரல, ஏன்னா நைட் பீஸ காலைல இன்ஸ்பெக்டர் வந்துதான் பாக்கறாரு, எந்த மணில அடிச்சதுன்னு எழுதறதில்ல. இப்பலேந்து டிரேல மணி எழுத சொல்லிருக்கேன்.

பிளான்ட் ஹெட் 11 மணி நேர கோட்டுக்கு ஒத்துக்கிட்டாரு, கையெழுத்தே போட்டாரு. பஞ்ச் ரெக்கார்ட பாத்ததும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. பிரஸ்ஸ நைட்ல நிறுத்தறத ரெண்டு மாசம் நாலு பிரஸ்ல மட்டும் பாக்கலாம்னாரு. கூலி குடுக்கறது இன்னும் முடிவாகல. டை செட்டிங் இனிமே 2 மணிக்கு முன்னாடி முடியணும், இல்லன்னா 6க்கு மேல.

போன சனிக்கிழமை மொத சோதனை வந்துச்சு. நைட்டுக்கு மூணு பேர் வரல. செகண்ட் ஷிப்ட்ல ரெண்டு பசங்க நாங்க இருக்கோம் சார்னாங்க. நான் வேணாம்னு அனுப்பிட்டு ரெண்டு பிரஸ்ஸ நிறுத்திட்டேன். காலைல டிஸ்பேட்ச்லேந்து போன் மேல போன்.

செல்வம்_ஆபரேட்டர்

அந்த ரெண்டு பசங்களுக்கு அன்னிக்கு போன காச யாரு குடுப்பா சார்?

குமரன்_பிரஸ்ஷாப்

இன்னும் யாரும் குடுக்கல செல்வம். திங்கள் கமிட்டி மீட்டிங்ல அதுதான் முதல் ஐட்டம், எழுதி குடுத்திருக்கேன்.